பெயருக்குக் கீழே எந்த வரி?

வானொலிக்கு விளம்பரம் கொடுக்க வரும் சிறு வியாபாரிகளில் பலர் ஒரு வாசகத்தைக் கையோடு எழுதி வருகிறார்கள். "இதுதாங்க எங்க டேக்லைன், கடைசியில சொல்லிடுங்க" என்பார்கள். படித்துப் பார்த்தால் பாதி நேரம் அது டேக்லைனாக இருக்காது. ஸ்லோகனாக இருக்கும், அல்லது ஸ்ட்ராப்லைனாக இருக்கும். எல்லாமே விளம்பர வாசகம்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்கலாம். பணம் கொடுத்துப் பலகையிலும் பையிலும் அச்சடித்த பிறகுதான் அந்த வித்தியாசம் தெரியும்.

ஸ்லோகன் என்ற சொல்லின் வேர் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் இருக்கிறது. அங்கே அதற்குப் போர்க்குரல் என்று பொருள். இன்றும் அதன் வேலை அதுதான். ஒரு பிரசாரத்துக்காகக் கூவி அழைக்கும், பிரசாரம் முடிந்ததும் ஓய்ந்துவிடும். டேக்லைன் நிறுவனத்தின் பெயரோடு ஆண்டுக்கணக்கில் ஒட்டியிருக்கும் வரி. பிரிட்டனில் அதையே ஸ்ட்ராப்லைன் என்பார்கள். ஆனால் பலகை எழுதுபவர்களும் டிசைனர்களும் ஸ்ட்ராப்லைன் என்றால், லோகோவுக்குக் கீழே சின்ன எழுத்தில் 'இது என்ன கடை' என்று சொல்லும் வரியைக் குறிப்பதுண்டு. அந்தப் பொருளில் எடுத்துக்கொண்டால் மூன்றுக்கும் மூன்று வேலை கிடைக்கிறது. நான் அப்படித்தான் பிரித்துப் பார்க்கிறேன்.

நம் இரு நாடுகளின் சுற்றுலா விளம்பரங்களையே பாருங்கள். 'மலேசியா, ட்ரூலி ஏசியா' 1999-இல் வந்தது. அதன்பின் 2007-லும் 2014-லும் 'மலேசியாவுக்கு வருகை தாருங்கள்' ஆண்டுகள் வந்தன. அவற்றுக்கெனத் தனித்தனி வாசகங்களும் வந்தன, போயின. அவை ஸ்லோகன்கள். 'ட்ரூலி ஏசியா' அப்படியே நின்றது, அது டேக்லைன். சிங்கப்பூரோ 2004-இல் 'யுனீக்லி சிங்கப்பூர்', 2010-இல் 'யுவர் சிங்கப்பூர்', 2017-இல் 'பேஷன் மேட் பாசிபிள்' என்று அடையாள வரியையே மாற்றியது. ஒவ்வொரு மாற்றத்தையும் மக்கள் மனத்தில் பதிய வைக்க ஒரு நாட்டுக்கு வசதி உண்டு. நம் கடைகளுக்கு ஏது?

கறித்தூள் அரைத்து விற்கும் ஓர் அக்காவின் கதை இது. பெயர் வேண்டாம் என்றார். ஒரு தீபாவளிக்கு, 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்று பாக்கெட்டிலேயே அச்சடித்துவிட்டார். பண்டிகை முடிந்தும் பாக்கெட் மிச்சம். தை மாதம் வரை வாடிக்கையாளர்கள் அந்த இலவசத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "ஒட்டுத்தாள் வாங்கியே காசு போச்சு" என்றார். ஸ்லோகன் உட்கார வேண்டிய இடம் வானொலி, பேனர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ். முடியும் தேதி உள்ள எந்த வாசகமும் பாக்கெட்டில் ஏறக் கூடாது.

அடுத்து டேக்லைன். 'அம்மாவின் கைப்பக்குவம்' என்று முடிவு செய்திருந்தார். பக்கத்து மசாலா கடையின் பெயரை அதற்கு மேல் எழுதிப் பாருங்கள் என்றேன். அங்கேயும் பொருந்தியது. ஊறுகாய்க்கும் பொருந்தியது, ஏன், கேட்டரிங்குக்கும் பொருந்தியது. எல்லாருக்கும் பொருந்துவது யாருக்கும் சொந்தமில்லை. அவரிடம் வேறு யாரிடமும் இல்லாதது என்ன என்று பேசிக்கொண்டிருந்தபோது, வாரா வாரம் புதிதாக வறுத்து அரைப்பதையும், அரைத்த தேதியைப் பாக்கெட்டில் முத்திரை குத்துவதையும் போகிற போக்கில் சொன்னார். அங்கேயே வரி கிடைத்துவிட்டது: 'அரைத்த தேதியைப் பாருங்க'. பழைய தூளை வைத்து விற்பவர் இதைத் தைரியமாகச் சொல்ல முடியாது. இதிலும் ஒரு சிக்கல் உண்டு. நாளைக்கு வியாபாரம் பெருகி, மாதம் ஒருமுறை மட்டும் அரைக்க நேர்ந்தால் இதே வரி அவருக்கு எதிராகத் திரும்பும். அதையும் சொன்னேன். "அப்ப மாசத்துக்கு ஒருதரம் அரைக்க மாட்டேன் தம்பி" என்றார்.

ஸ்ட்ராப்லைன் அவருக்கு அவசியம், ஏனென்றால் கடைக்கு மகளின் பெயரை வைத்திருக்கிறார். பலகையைப் பார்ப்பவருக்கு அது தையல் கடையா, அழகு நிலையமா என்று தெரியாது. 'கறித்தூள், மசாலா வகைகள்' என்று கீழே போட்டால் போதும். இதில் கவிதை தேவையில்லை. கடையின் பெயரே தொழிலைச் சொல்லிவிட்டால் இந்த வரியே வேண்டாம். மலேசியாவில் பலகை வைப்பவர்களுக்கு இன்னொரு விஷயம்: பல நகராண்மைக் கழகங்கள் மலாய்மொழி முன்னிலை பெற வேண்டும் என்கின்றன, வாசகத்துக்கு டேவான் பகாசா டான் புஸ்தாகாவின் மொழிச் சரிபார்ப்பையும் கேட்கின்றன. அதனால் மலாயில் எழுதினாலும் அர்த்தம் கெடாத வரியாக அது இருப்பது நல்லது.

வானொலியில் ஸ்ட்ராப்லைனுக்கு வேலை குறைவு. கண்ணுக்காக எழுதிய வரி அது. முப்பது விநாடியில் அறுபது சொல்லைத் தாண்டினால் எனக்கே மூச்சு வாங்கும். அதற்குள் ஸ்லோகனை இரண்டு முறை சொல்லி, கடைசியில் பெயரையும் டேக்லைனையும் வைத்தால் இடம் சரியாக இருக்கும். அக்காவின் விளம்பரத்தில், 'இந்தத் தீபாவளிக்கு ஆட்டுக்கறி நம்ம தூள்ல' என்று ஆரம்பித்து, 'அரைத்த தேதியைப் பாருங்க' என்று முடித்தோம். பொங்கலுக்கு முதல் வரியை மட்டும் மாற்றிக்கொண்டார். பாக்கெட்டைத் தொடவே இல்லை.