பேசும் தமிழும் எழுதும் தமிழும்: கருவியின் செவி இடறும் இடங்கள்

பேச்சைக் கேட்டு எழுத்தாக்கித் தரும் மென்பொருள்கள் இன்று கைப்பேசிதோறும் உள்ளன. செய்தி வாசிப்பவரின் தமிழை அவை பெரும்பாலும் செம்மையாகவே எழுதிவிடுகின்றன. ஆனால் காயல்பட்டினத்திலோ கீழக்கரையிலோ ஒரு மூதாட்டி தம் வீட்டாரோடு உரையாடுவதைக் கேட்கச் செய்தால் தடுமாறிப் போகின்றன. ஆங்கிலம் கலந்து பேசும் இளைஞரிடமும் இதே நிலைதான். தமிழில் தரவு குறைவு என்பதே இதற்குப் பொதுவாகக் கூறப்படும் காரணம். அது உண்மையே, எனினும் பாதி உண்மை.

இக்கருவிகள் இலக்கணம் படித்துக் கற்பவை அல்ல. ஓர் ஒலிப்பதிவையும் அதற்குரிய எழுத்து வடிவத்தையும் இணையிணையாகப் பெற்று, இன்ன ஒலிக்கு இன்ன எழுத்துத் தொடர் வரக்கூடும் என்று கணிக்கப் பழகுகின்றன. 2022ஆம் ஆண்டு ஓப்பன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட விஸ்பர் என்னும் கருவி சுமார் 6,80,000 மணி நேர ஒலியில் பயின்றது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஆங்கிலம். ஏனைய 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்குச் சேர்ந்து கிடைத்ததோ சுமார் 1,17,000 மணி நேரம். தமிழ் அந்த 96இல் ஒன்று.

மணிக்கணக்கைவிட முக்கியமானது, அந்த மணிகளில் எத்தகைய தமிழ் உள்ளது என்பதாகும். மோசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தன்னார்வலர்கள் திரையில் தோன்றும் வாக்கியங்களை வாசித்துப் பதிந்தனர். கருவிகளைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படும் ஃப்ளூர்ஸ் தொகுப்பிலும் வாசித்த வாக்கியங்களே உள்ளன; அவையும் ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்க்கப்பட்டவை. ஆங்கிலத்தில் வாசிப்புக்கும் பேச்சுக்கும் இடைவெளி சிறிது. தமிழில் எழுதியதை வாசிப்பவர் எவரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. ஆகவே வாசிப்பைக் கொண்டு பழகிய கருவி, நாம் பேசும் தமிழைக் கிட்டத்தட்ட வேற்று மொழியாகவே கேட்கிறது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்தில் 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்போம். பேச்சில் ஒருவர் 'வந்துகிட்டு இருக்காங்க' என்கிறார். சென்னையில் அது 'வந்துட்ருக்காங்க' என்று சுருங்குகிறது. யாழ்ப்பாணத்தில் 'வந்துகொண்டிருக்கினம்' ஆகிறது. இவற்றை எவ்வாறு எழுதுவது என்பதற்கு அனைவரும் ஏற்ற முறை எதுவுமில்லை. ஒருவர் சொற்களைப் பிரித்து எழுதுகிறார், மற்றொருவர் சேர்த்து எழுதுகிறார், வேறொருவர் திருத்தமான எழுத்துத் தமிழாக மாற்றியே எழுதிவிடுகிறார். மூன்றையும் சேர்த்துக் கருவிக்குப் புகட்டினால் அது எதைக் கற்கும்?

மதிப்பிடும் முறையும் இந்தக் குழப்பத்தைப் பெருக்குகிறது. கருவியின் திறனைச் சொற்பிழை விகிதத்தால் அளக்கின்றனர். மாற்றி எழுதிய, விடுபட்ட, கூடுதலாக வந்த சொற்களைக் கூட்டி, மூலத்தின் சொல்லெண்ணிக்கையால் வகுப்பதே அது. மூலத்தில் 'அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று இரண்டு சொற்கள் இருக்க, கருவி 'அவங்க வந்துகிட்டு இருக்காங்க' என்று மூன்று சொற்களாக எழுதியதாகக் கொள்வோம். இரண்டு சொற்கள் மாறின, ஒன்று மிகுந்தது. ஆகப் பிழை மூன்று. மூன்றை இரண்டால் வகுத்தால் 150 விழுக்காடு! பேசியவர் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட கருவிக்குக் கிடைத்த மதிப்பெண் இது. தமிழின் ஒட்டுநிலை அமைப்பும் இதோடு சேர்ந்துகொள்கிறது. ஆங்கிலத்தில் மூன்று சொற்களாக நிற்கும் வினை இங்கே ஒரே நீண்ட சொல்லாகிவிடுவதால், அதன் ஓர் எழுத்து பிசகினாலும் முழுச் சொல்லும் பிழையாக எண்ணப்படுகிறது.

அரபு மொழியோடு பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. ஃபுஸ்ஹா எழுத்துக்கும் மேடைக்கும்; ஆம்மிய்யா வீட்டுக்கும் சந்தைக்கும். பேச்சறி கருவிகள் அங்கும் இதே பள்ளத்தில் விழுந்தன. ஆனால் அரபு ஆய்வாளர்கள் அதற்கு இரு வழிகள் கண்டனர். 2017ஆம் ஆண்டின் எம்ஜிபி-3 போட்டியில் எகிப்தியப் பேச்சுவழக்கை நான்கு பேர் தனித்தனியே எழுதினர். கருவியின் எழுத்து அந்நால்வரின் வடிவங்களோடும் ஒப்பிட்டு மதிப்பிடப்பட்டது. அதற்கும் முன்பே, 2012இல், நிசார் ஹபஷும் அவருடைய சகாக்களும் வட்டார அரபுக்கெனக் கோடா என்ற எழுத்து நெறியை வகுத்தனர். கெய்ரோவாசி 'கல்ப்' என்பதை 'அல்ப்' என்றே ஒலித்தாலும், அந்நெறிப்படி அதைக் காஃப் கொண்டே எழுத வேண்டும். 'பழம்' என்பதைத் தெற்கே 'பளம்' என்றும் வடசென்னையில் 'பயம்' என்றும் ஒலிப்போருக்கு இத்தகைய நெறி எவ்வளவு உதவும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த இடறல் இன்னும் நுட்பமானது. ஒலி ஐயத்துக்கிடமானபோது, தான் அதிகம் கண்ட சொல்லின் பக்கம் கருவி சாய்கிறது. 'ராத்தா வந்துட்டாங்க' என்று ஒருவர் சொல்கிறார். மூத்த சகோதரியைக் குறிக்கும் இச்சொல் பயிற்சித் தொகுப்பில் அரிதாகவே இருக்கும். 'ராதா' மிகுதியாக இருக்கும். இடையிலுள்ள 'த்' சற்றே தேய்ந்து ஒலித்தால் போதும், 'ராதா வந்துட்டாங்க' என்று எழுதப்படக் கூடும். உளறலாக எழுதியிருந்தால் படிப்பவர் உடனே ஐயுறுவார். இதுவோ பிழையற்ற வாக்கியமாக நிற்கிறது. ஒலியைக் கேளாதவர், வீட்டிலிருந்த ஓர் உறவு பதிவிலிருந்து மறைந்ததை அறியவே மாட்டார்.

ஆங்கிலக் கலப்புக்கு வருவோம். 'டாக்டர் ரிப்போர்ட்ட பாத்துட்டு ஆபரேஷன போஸ்ட்போன் பண்ணிட்டாரு.' ஆறு சொற்களில் நான்கின் அடி ஆங்கிலம். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு முழுக்கத் தமிழ். 'ஆபரேஷன' என்பதன் ஈற்றிலுள்ள சிறு அகரமே இரண்டாம் வேற்றுமை. விஸ்பர் போன்ற கருவி 30 வினாடித் துண்டு ஒன்றை எடுத்து, இது இன்ன மொழி என்று முதலில் ஒன்றை மட்டும் தீர்மானிக்கிறது. ஆங்கிலம் என்று தீர்மானித்தால் தமிழ்ப் பகுதி சிதைகிறது. சில வேளை, பேசியதை எழுதாமல் ஆங்கிலத்தில் பெயர்த்தே வைத்துவிடுகிறது. தமிழ் என்று தீர்மானித்தால் 'போஸ்ட்போன்' என்பதை எழுத்தெழுத்தாகக் கட்ட வேண்டியிருக்கிறது. மூலத்தை எழுதியவர் அதே சொல்லை ரோமன் எழுத்தில் வைத்திருந்தால் அதுவும் பிழைக் கணக்கில் சேரும்.

இத்தகைய கலப்புப் பேச்சில் கருவிகளைப் பழக்க முயற்சிகள் உண்டு. 2021ஆம் ஆண்டு இந்திய மொழிகளுக்காக நடந்த மக்ஸ் என்னும் போட்டியில் கலப்புப் பேச்சுக்குத் தனிப் பிரிவே இருந்தது. ஆனால் அதில் இந்தி–ஆங்கிலமும் வங்காளம்–ஆங்கிலமும் மட்டுமே; தமிழ் வேறு பிரிவில் வைக்கப்பட்டது.

சென்னை ஐ.ஐ.டி.யின் ஏஐ4பாரத் குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பு இந்நிலையிலிருந்து விலகி நிற்கிறது. 22 இந்திய மொழிகளில் 7,348 மணி நேரப் பதிவு. அதில் வாசிப்பு 9 விழுக்காடு மட்டுமே, எஞ்சியது தன்னியல்பான பேச்சும் உரையாடலும். சொன்னபடியே ஒரு வடிவமும், சீர்செய்த ஒரு வடிவமும் எனப் பேச்சை இருநிலைகளில் எழுதியிருப்பதையே நாம் பெரிதாகக் கருதுகிறோம். எனினும் தொகுப்பு மாவட்ட வாரியாகச் சேர்க்கப்பட்டது. கடலோர ஊர்களின் முஸ்லிம் வழக்கு போன்றவை ஒரு மாவட்டத்துக்குள்ளும் சிறுபான்மையானவை. இலங்கைத் தமிழோ அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது.

தம் கைப்பேசியிலுள்ள கருவி எத்தகையது என்பதை வாசகர்கள் எளிதில் சோதிக்கலாம். ஒரே செய்தியை முதலில் எழுத்துத் தமிழில் வாசித்தும், பிறகு வீட்டில் பேசுவதுபோல் பேசியும் பார்க்க வேண்டும். இரண்டாம் முறையும் 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்றே திரையில் வந்தால், கருவி கேட்டதை எழுதவில்லை, திருத்தி எழுதுகிறது என்று பொருள். கடிதம் எழுத அது வசதியே. ஊர்ப் பெரியவர்களின் நினைவுகளைப் பதிந்து வைப்போருக்கு அது போதாது. அவர்கள் அந்த எழுத்தோடு ஒலிப்பதிவையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். உறவுப்பெயர்களையும் ஊர்ப்பெயர்களையும் அவ்வூராரில் ஒருவர் ஒலியைக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.