வீட்டு வியாபாரத்தில் சரக்குக் கணக்கு: தினம் இரண்டு பெட்டி எண்ணினால் போதும்

வீட்டிலிருந்தபடி ஷால், நைட்டி, மக்கனா விற்கும் சகோதரிகள் பலர் ஒரே சிரமத்தைச் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறது, பணமும் வந்துவிடுகிறது. தேடினால் அந்த நிறம் இல்லை. நோட்டில் மட்டும் இருக்கிறது. இதற்கு எளிய வழி ஒன்றைப் பார்ப்போம்.

முதலில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு முகவரி கொடுப்போம். 'ப-2-3' என்றால் பீரோ, இரண்டாம் தட்டு, மூன்றாம் பெட்டி. இதைப் பெட்டியின் முன்பக்கத்திலும் தட்டின் விளிம்பிலும் ஒட்ட வேண்டும். மூடியில் ஒட்டக் கூடாது, மூடிகள் மாறிவிடும். லேபிளில் பொருள், நிறம், அளவு எழுதலாம். எண்ணிக்கை எழுத வேண்டாம். அது தினமும் மாறும். நோட்டிலும் அதே முகவரியைக் குறித்தால், வீட்டில் வேறு யாரும் எடுத்துத் தரலாம்.

அடுத்தது எண்ணுவது. மொத்தச் சரக்கையும் ஒரே நாளில் எண்ண வேண்டியதில்லை. 36 பெட்டிகள் இருப்பதாக வைப்போம். அவற்றில் 6 வேகமாக விற்பவை. தினமும் காலையில், விற்பனை தொடங்குமுன், வேகமாக விற்பதில் ஒன்றும் மற்றவற்றில் ஒன்றும் எண்ணுவோம். வாரத்தில் ஆறு நாள் எண்ணினால், வேகமானவை வாரம் ஒரு முறையும், மீதி 30 பெட்டிகள் ஐந்து வாரத்துக்கு ஒரு முறையும் எண்ணப்பட்டுவிடும். முதலில் எண்ணித் தாளில் எழுதிவிட்டு, பிறகுதான் நோட்டைப் பார்க்க வேண்டும். முன்பே பார்த்தால் அந்த எண்ணே மனதில் நிற்கும்.

ஓர் உதாரணம். கறுப்பு ஷால் நோட்டில் 14, பெட்டியில் 12. உடனே திருட்டு என்று நினைக்க வேண்டாம். பக்கத்துப் பெட்டியையும் எண்ணுவோம். அடர் பிரவுன் நோட்டில் 9, பெட்டியில் 11. ஒன்றில் குறைந்த இரண்டு மற்றதில் கூடியிருக்கிறது. முதலில் பிரவுன் பெட்டியில் கறுப்பு கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கலக்கவில்லை என்றால், விற்றபோது நிறம் மாறியிருக்கிறது. அந்த வார ஆர்டர்களைப் பார்த்தால் தெரியும்: வாடிக்கையாளர் கேட்டது கறுப்பு என்றால், நோட்டில் தவறாக எழுதியிருக்கிறோம். கேட்டது பிரவுன் என்றால், தவறான நிறம் போயிருக்கிறது; அவரிடம் சொல்லி மாற்றித் தர வேண்டும்.

வேறெதிலும் கூடாமல் குறைந்தால், கடனுக்கோ மாதிரி காட்டவோ கொடுத்தது எழுதாமல் விட்டுப்போயிருக்கலாம். குறையாமல் கூடியிருந்தால், திரும்பி வந்த துணி பதியாமல் உள்ளே போயிருக்கும்.

காரணம் தெரியுமுன் நோட்டு எண்ணை அடித்துத் திருத்தினால், தவறு அடுத்த வாரமும் வரும். காரணத்தைத் தேடி, தேதியோடு குறித்துவிட்டுத் திருத்துவோம். தேடியும் கிடைக்காவிட்டால் 'காரணம் தெரியவில்லை' என்றே எழுதி, அந்தப் பெட்டியை மறுநாளும் எண்ணுவோம்.