புண் வருமுன்னே வாயைக் கவனியுங்கள்

கன்னத்தில் வந்த புற்றை அறுவை செய்து எடுத்த பிறகு, 30 முறை 'கரண்ட்' வைக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஐந்து நாள், மொத்தம் ஆறு வாரம். முதல் வாரம் வாயில் ஒன்றும் தெரியாது. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. இரண்டாம் வாரக் கடைசியில் உள்வாய் சிவந்து, ரசம்கூட எரியும். மூன்றாம் வாரத்தில் புண்ணாகிவிடும்.

வாயின் உட்தோல் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிறது. அடியில் புதுத் தோலை உண்டாக்கும் செல்களைக் கதிர்வீச்சு முதல் நாளிலிருந்தே தாக்குகிறது. மேலே இருக்கும் பழைய தோல் உதிரும்வரை அது வெளியே தெரிவதில்லை. கீமோவிலும் இதுதான் நடக்கிறது. மருந்து ஏறிய ஒரு வாரம், பத்து நாளில் புண் தோன்றி, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரத்தில் ஆறிவிடும்.

ஆகவே முதல் நாளிலேயே கொப்பளிக்கத் தொடங்குங்கள். காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டீஸ்பூன் ஆப்ப சோடா. மறுநாளுக்கு வைக்காமல் தினமும் புதிதாகக் கலக்குங்கள். விழித்திருக்கும்போது இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, சாப்பிட்டதும் ஒருமுறை கொப்பளித்துத் துப்ப வேண்டும். இது புண்ணைத் தடுத்துவிடாது. ஆனால் கெட்டியான எச்சிலையும் உணவுத் துணுக்கையும் அகற்றி, கிருமி சேராமல் பார்த்துக்கொள்ளும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் எரிச்சலைத்தான் கூட்டும்.

வலி வந்ததும் பலரும் பல் துலக்குவதை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். துலக்காத வாயில் புண் இன்னும் மோசமாகும். குழந்தைகளுக்கான மென்மையான பிரஷை வெந்நீரில் நனைத்து, காரமில்லாத பேஸ்ட்டால் மெதுவாகத் துலக்கலாம். அதுவும் முடியாத நாளில், ஈரமாக்கிய சுத்தமான காஸ் துணியை விரலில் சுற்றித் துடைக்கலாம். உமிக்கரியும் பல்பொடியும் வேண்டாம். கழற்றக்கூடிய பல் செட் இருந்தால், சாப்பாட்டு நேரம் தவிர வெளியே இருக்கட்டும்.

வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை ஒன்றும் இல்லை. சாப்பாட்டுக்கு முன் வாயை மரக்கச் செய்யும் மருந்துகள் உண்டு. தேவைப்பட்டால் மருத்துவர் மார்ஃபின்கூடத் தருவார். மரத்த வாய்க்குச் சூடு தெரியாது என்பதால், ஆறிய கஞ்சி, குழைந்த தயிர்சாதம், மசித்த வாழைப்பழம் போன்றவை நல்லது.

தயிர் ஏடு போல வெள்ளைப் படலம் படிந்து, துடைத்தால் பெயர்ந்து வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து வேண்டும். தண்ணீர்கூட விழுங்க முடியாவிட்டாலோ, ரத்தம் நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கீமோ எடுப்பவருக்கு 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் காத்திருக்கக் கூடாது.

புண்ணுக்குப் பயந்து நீங்களாகவே கரண்டை நிறுத்தாதீர்கள். இடைவெளி விட்டால் புற்று மீண்டும் வளர வாய்ப்பு கூடும். முப்பதாவது நாள் முடிந்த பிறகும் ஒரு வாரம் புண் கூடுவது போலத் தெரியும், ஆற இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். அதுவரை உப்புத் தண்ணீர் தொடரட்டும்.