வீடு அதே வீடு, தீட்டல் மட்டும் புதுசு

2022 ஆகஸ்டில் ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெளியானபோது கூடவே ஒரு மாதிரிப் படமும் வந்தது. பட்டை பட்டையாக வண்ணம் பூசிக் கிறுக்கிய மலை ஒன்றை மென்பொருள் மாயாலோகக் காட்சியாக மாற்றியிருந்தது. அதற்குக் கொடுத்த ஸ்ட்ரெங்த் 0.8. அதே எண்ணை வைத்துத் தன் வீட்டுப் புகைப்படத்தை வாட்டர்கலராக்கப் பார்த்தால், வாட்டர்கலர் வரும். ஆனால் அது வேறு யாருடைய வீடோ போலிருக்கும்.

மென்பொருள் மூலப்படத்தின் மேல் நேரடியாகத் தீட்டுவதில்லை. சேனல் வராத டிவியில் தெரிவது போன்ற புள்ளிகளை முதலில் அதன்மேல் தூவுகிறது. பிறகு, நாம் எழுதிக்கொடுத்த விவரிப்புக்கு ஏற்ப அவற்றைப் படிப்படியாக விலக்குகிறது. எவ்வளவு தூவுவது என்பதைத்தான் 0 முதல் 1 வரையிலான ஸ்ட்ரெங்த் சொல்கிறது. 0 என்றால் படம் மாறாது. 1 என்றால் மூலப்படத்தின் சுவடே அநேகமாக இருக்காது.

புள்ளிகள் முதலில் விழுங்குவது நுணுக்கங்களை. ஓட்டு வரிகளும் இலைகளும் சீக்கிரம் மறையும். வானம், சுவர், நிழல் போன்ற பெரிய பரப்புகள் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். காட்சியின் அமைப்பு அந்தப் பரப்புகளில்தான் இருக்கிறது. கிறுக்கல் மலையில் இழக்க நுணுக்கமே இல்லாததால் 0.8 பொருந்தியது.

ஓட்டு வீடு, இடப்பக்கம் வேப்பமரம், சுவரில் சாய்த்த சைக்கிள், தூரத்தில் ஓர் ஆள் என்று ஒரு புகைப்படம் இருப்பதாகக் கொள்வோம். சீட் எண்ணை மாற்றாமல் 0.3-இல் தொடங்கி 0.1 வீதம் ஏற்றிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் 0.3-இல் புகைப்படம் புகைப்படமாகவே இருக்கும். 0.5 வாக்கில் தூரிகைத் தடம் தெரியும், கூரையும் மரமும் இடம் மாறாது. 0.6-இல் சைக்கிள் சக்கரம் நெளியத் தொடங்கும். 0.7-ஐத் தாண்டினால் இல்லாத ஜன்னல் முளைக்கும். மாடலுக்கு மாடல் இந்த எல்லை சற்று நகரும்.

எல்லை தாண்டியதா என்று அறிய, விடைப்படத்தைப் பாதி ஒளிபுகும்படி மூலப்படத்தின் மேல் வைத்தால் போதும். கூரை விளிம்பு இரட்டையாகத் தெரிந்தால் எண் அதிகம்.

தூரத்து ஆளின் முகம் மட்டும் 0.4-இலேயே சிதையலாம். இந்த மாடல் 8-க்கு 8 பிக்சலை ஒரே கட்டமாகச் சுருக்கி வைத்துக்கொள்கிறது. 40 பிக்சல் உயர முகத்துக்கு உயரவாக்கில் ஐந்து கட்டங்கள்தான் கிடைக்கும். அந்த இடத்தை மட்டும் பெரிதாக்கித் தனியே திருத்த வேண்டும்.

பகலை இரவாக்குவதுதான் பெரிய சிக்கல். வானத்தின் வெளிச்சமும் பெரிய பரப்புதான் என்பதால் 0.5-இல் அது அசையாது, 0.8-க்கு ஏற்றினால் வீடு போய்விடும். இங்கே மாற்ற வேண்டியது எண்ணை அல்ல, மூலப்படத்தை. போட்டோ எடிட்டரில் அதை இருட்டாக்கி நீலம் கலந்து கொடுத்தால் 0.5-இலேயே இரவு வந்துவிடும். அதற்கும் மேலே ஏற்றியே ஆக வேண்டுமென்றால், 2023-இல் வந்த கன்ட்ரோல்நெட் மூலம் விளிம்புக்கோடுகளைத் தனியாகக் கொடுத்து வீட்டைப் பிடித்து வைக்கலாம்.