மைக்ரோமீட்டர் எழுதும் பயோடேட்டா

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கத்து கம்பெனிகளுக்கு வரும் சிஎன்சி ஆபரேட்டர் பயோடேட்டாக்களில் பெரும்பாலும் அப்பா பெயர், மதம், பொழுதுபோக்கு எல்லாம் இருக்கும். வேலையைப் பற்றி மட்டும் ஒரே வரிதான்: ‘சிஎன்சி மெஷின் ஓட்டத் தெரியும்.’ என்ன மெஷின்? டர்னிங்கா, விஎம்சியா? ஃபேனக் கண்ட்ரோலா, சீமென்ஸா? ஆள் எடுக்கும் சூப்பர்வைசர் முதலில் தேடுவது இதைத்தான். ஃபேனக்கில் பழகியவரை சீமென்ஸ் மெஷினில் நிறுத்தினால் கை பழகச் சில நாள் பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்து அளவு. 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்றை டர்னிங்கில் முடித்தவர் என்று வைத்துக்கொள்வோம். டிராயிங்கில் அதற்கு 24.987 முதல் 25.000 வரை அனுமதி. மொத்த இடைவெளி 13 மைக்ரான். ‘துல்லியமாக வேலை செய்வேன்’ என்பதை விட்டுவிட்டு, ‘ஷாஃப்ட் வெளிவிட்டம் 25, டாலரன்ஸ் 13 மைக்ரான், மைக்ரோமீட்டரில் சோதித்தேன்’ என்று எழுதலாம். எதில் அளந்தீர்கள் என்பதும் இங்கே முக்கியம். சாதாரண வெர்னியர் 0.02 மில்லிமீட்டருக்குக் கீழே காட்டாது. அதாவது 20 மைக்ரான். 13 மைக்ரான் வேலையை வெர்னியரில் சோதித்ததாக எழுதினால், அனுபவம் பொய் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடும்.

உற்பத்திக் கணக்கும் அப்படித்தான். அதே ஷாஃப்டுக்கு சைக்கிள் டைம் மூன்று நிமிடம், ஏற்றி இறக்க அரை நிமிடம். எட்டு மணி நேர ஷிப்டில் சாப்பாடு, டீ, இன்செர்ட் மாற்றுவது, அளவு பார்ப்பது என்று ஒரு மணி நேரம் போனால் மிஞ்சுவது 420 நிமிடம். மூன்றரையால் வகுத்தால் 120 பீஸ். ‘ஷிப்டுக்கு 200’ என்று எழுதியிருந்தால், எத்தனை மெஷின் பார்த்தீர்கள் என்ற கேள்வி உடனே வரும். இரண்டு மெஷின் பார்த்திருந்தால் அதைச் சேர்த்தே எழுதுங்கள். ரிஜெக்‌ஷன் எண்ணிக்கையும் கூட இருந்தால்தான் உற்பத்தி எண்ணுக்கு மதிப்பு.

புரோகிராமிங் விஷயத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். ஆஃப்செட் திருத்துவது ஒன்று, இருக்கும் புரோகிராமில் மாற்றம் செய்வது இன்னொன்று, டிராயிங் பார்த்துப் புதிதாக எழுதுவது வேறு. ஃபேனக் டர்னிங்கில் இப்படி இரண்டு வரி காட்டுவார்கள்:

```
G71 U2.0 R0.5
G71 P10 Q20 U0.4 W0.1 F0.25
```

இரண்டு வரியிலும் U இருக்கிறதே, இரண்டும் ஒன்றா என்று கேட்பார்கள். முதல் U ஒவ்வொரு கட்டுக்குமான ஆழம். இரண்டாவது U ஃபினிஷிங்குக்கு விட்டம் கணக்கில் விட்டுவைக்கும் மிச்சம். இது சொல்ல வராதவர் ‘ஆஃப்செட் திருத்தத் தெரியும்’ என்று மட்டும் எழுதட்டும். ஆபரேட்டர் வேலைக்கு அதுவே போதும்; செட்டர் வேலைக்குத்தான் போதாது.

ஒன்று மட்டும் வேண்டாம்: பழைய கம்பெனியின் டிராயிங்கைப் படம் எடுத்து பயோடேட்டாவோடு இணைக்காதீர்கள். நாளை தங்கள் டிராயிங்கும் இப்படித்தான் வெளியே போகும் என்று நினைக்கிற கம்பெனி உங்களை எடுக்காது.