துணி அறிவோம் - 9: வேட்டியின் நம்பரும் கரையும்

வேட்டியின் நயத்தை நூலின் நம்பரைக் கொண்டு சொல்வது வழக்கம். ஒரு பவுண்டு எடையுள்ள நூலில் 840 கஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை தேறுமோ, அதுவே அந்த நூலின் நம்பர். 40 சிட்டம் தேறினால் 40ஆம் நம்பர். 80 தேறினால் 80ஆம் நம்பர். நம்பர் ஏற ஏற இழை மெலியும். 40ஆம் நம்பர் நூல் ஒரு கிராமுக்குச் சுமார் 68 மீட்டர் வரும். 80ஆம் நம்பர் சுமார் 135 மீட்டர் வரும். சீட்டில் 2/100 என்று இருந்தால், 100ஆம் நம்பர் இழை இரண்டை முறுக்கியது என்று பொருள். அதன் பருமன் 50ஆம் நம்பருக்குச் சமம். அதை 100ஆம் நம்பர் வேட்டி என்று எண்ணி வாங்குவது தவறு.

ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டியும் டி.சுப்புலாபுரமும் தேனி மாவட்டத்தின் நெசவூர்கள். அங்கே தறியில் ஓடுவது பெரும்பாலும் பருத்திச் சேலை. ஆனால் நூலைப் பார்க்கும் கணக்கு சேலைக்கும் வேட்டிக்கும் ஒன்றுதான்: நம்பரோடு நெருக்கத்தையும் பார்க்க வேண்டும். 3.6 மீட்டர் நீளமும் 50 அங்குல அகலமும் உள்ள எட்டு முழ வேட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 40ஆம் நம்பர் நூலில் அங்குலத்துக்குப் பாவு 80, ஊடை 72 என்று நெய்தால் அதன் எடை ஏறக்குறைய 430 கிராம். அதே இழைக் கணக்கில் 80ஆம் நம்பரைப் போட்டால் எடை பாதியாகிவிடும். துணியோ சல்லடையாகி உள்ளே கட்டியது தெரியும். பாவை 100க்கும் ஊடையை 92க்கும் கூட்டினால் எடை 270 கிராம் அளவில் நிற்கும், மறைப்பும் கிடைக்கும். துணிமேல் அளவுகோலை வைத்துக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கினால் ஓர் அங்குலத்தில் உள்ள இழைகளை எண்ணிவிடலாம்.

எடையைப் பொறுத்தவரை ஏமாற்றுவது கஞ்சி. கடையில் விறைப்பாக நிற்கும் வேட்டியின் ஓர் ஓரத்தை இரு கைகளாலும் கசக்கினால் வெள்ளைத் தூள் உதிரும். தூள் மிகுதியாக உதிர்ந்து, கசக்கிய இடத்தில் இழைகளுக்கிடையே வெளிச்சம் தெரிந்தால், நெருக்கத்தின் குறையைக் கஞ்சி மூடியிருக்கிறது. முதல் சலவையிலேயே அது தொய்ந்துவிடும்.

அடுத்தது கரை. நெய்த கரையில் உடலின் ஊடை இழை அறுபடாமல் கரைக்குள் ஓடும். பின்புறமும் நிறம் ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். தனியாக நாடா வைத்துத் தைத்த கரையில் பின்புறம் தையல் ஓட்டம் தெரியும். அச்சிட்ட கரை பின்புறம் வெளிறியிருக்கும். தைத்த கரையின் தொல்லை சலவைக்குப் பின்பே தெரியவரும். உடல் பருத்தி, நாடா பாலியஸ்டர் என்றால் பருத்தி சுருங்கும், நாடா சுருங்காது. சலவைக்கு முன் உடலிலும் கரையிலும் 50 செ.மீ. அளந்து பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டும். துவைத்துக் காய்ந்தபின் உடல் 48 ஆகவும் கரை 50 ஆகவும் நின்றால், முழு நீளத்தில் கரை 14 செ.மீ. மிஞ்சி அலையலையாக நெளியும். இஸ்திரி போட்டாலும் அது படியாது. அறுத்த முனைகள் இரண்டும் இருமுறை மடித்துத் தைத்திருக்க வேண்டும். ஒற்றை மடிப்பில் பிசிறு வெளியே வரும்.

சாயத்தில் வேட்டிக்கு உள்ள ஆபத்து, கறைபடும் வெள்ளை கரையை ஒட்டியே இருப்பதுதான். ஈர வெள்ளைத் துணியால் கரையைப் பத்து முறை அழுத்தித் தேய்த்தால் சாயத்தின் குணம் ஓரளவு தெரியும். முதல் இரண்டு மூன்று சலவையில் நீர் நிறம் மாறிப் பிறகு தெளிந்தால், பிடிக்காத மிச்சச் சாயம் வெளியேறியிருக்கிறது. ஐந்தாவது சலவையிலும் அப்படியே வந்தால் சாயமே மட்டம். முதல் நனைப்பில் உப்புப் போடுவது அந்த நேரத்துக்குச் சாயம் கரைவதைச் சற்றுக் குறைக்கலாம். நிலையாகப் பிடிக்க வைக்காது. வெள்ளை பளிச்சிட வேண்டுமென்று பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் பல கரைகள் வெளுத்துவிடும். ஈரத்தோடு மடித்து வைத்தாலும் கரை உடலில் பதியும். கரை வெள்ளையில் படாதபடி விரித்து, நிழலில் காயப்போட வேண்டும்.

கார்த்திகை, மார்கழியில் கம்பம், கூடலூர் வழியாகச் சபரிமலைக்குச் செல்வோர் உடுத்தும் கறுப்பு வேட்டிக்குத் தனிக் கவனம் தேவை. மலிவான கறுப்புப் பருத்தித் துணியில் பெரும்பாலும் ஏறியிருப்பது கந்தகக் கறுப்பு. அது சோப்பு நீரைத் தாங்கும். ஈர உரசலில் ஒட்டும். குளோரினில் சட்டென்று வெளுக்கும். சுருளியில் நனைந்த கறுப்பு வேட்டியை வெள்ளைத் துண்டோடு ஒரே பையில் திணித்தால், வீடு வந்து சேர்வதற்குள் துண்டு சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் சாயத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. நன்றாக அலசாமல் பெட்டியில் வைத்தால் நாளடைவில் கந்தகம் அமிலமாக மாறி இழையை அரிக்கும். அடுத்த ஆண்டு மாலை போடும்போது விரித்தால் துணி மடிப்போடு கிழியும். விரதம் முடிந்ததும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, கடைசி நீரில் சிறிது சோடா உப்புக் கரைத்து நனைத்து, முழுக்கக் காயவைத்து எடுத்து வைத்தால் அந்த அரிப்பு பெரிதும் குறையும்.