தாழ்ப்பாள் போட்ட அறையில் ஒரு கதை

பாளையங்கோட்டையில் ஒரு கிறிஸ்தவ வீடு. கூடத்தில் ஃப்ரீசர் பெட்டிக்குள் அம்மா. நாலு மணிக்கு அடக்க ஆராதனை. பிள்ளைகளில் ஒருவர் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று ஐயர் சொல்லியிருக்கிறார். மூத்த மகள் உள்ளறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பீரோக் கண்ணாடி முன் நின்று பேசிப் பார்க்கிறாள். நான் எழுதிய சிறுகதையில் நடப்பது இவ்வளவுதான்.

ஒன்றுமே நடக்காத இந்த இடத்தில் கதை எங்கிருந்து வந்தது என்று வாசகர்கள் கேட்கிறார்கள். அவள் சொல்லிப் பார்த்துவிட்டுக் கைவிடும் வாக்கியங்களிலிருந்து வந்தது.

முதலில் அவள் சொல்வது: “எங்க அம்மா அன்பே உருவானவங்க.” சொன்னதும் அவளுக்கே ஒட்டவில்லை. எந்த வீட்டு அம்மாவுக்கும் இதைச் சொல்லலாம். அடுத்து, “முப்பத்தோரு வருஷம் டீச்சரா இருந்தாங்க.” உண்மைதான், ஆனால் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் ஏற்கெனவே அச்சாகிவிட்டது. மூன்றாவதாக ஒன்று தானாக வருகிறது: “தலை பின்னிவிடுறப்போ அம்மா பேசவே மாட்டாங்க. இறுக்கிப் பின்னுவாங்க. வலிக்குதுன்னா இன்னும் இறுக்குவாங்க.”

அங்கே நின்றுவிடுகிறாள். சபை முன்னால் இதை எப்படிச் சொல்வது? ஆனால் அம்மா வந்துவிட்டது இந்த வாக்கியத்தில்தான். ஆகவே கதையும் இங்கேதான் தொடங்குகிறது. முதல் இரண்டையும் நான் வெட்டாமல் வைத்திருப்பதற்குக் காரணம், அவை பொய்த்துப்போவதைக் கேட்ட காதுக்குத்தான் மூன்றாவது உறைக்கும்.

“பின்னுவாங்க” என்ற சொல்லைக் கொஞ்சம் பாருங்கள். ‘அந்தக் காலத்தில் பின்னுவாங்க’ என்றும் சொல்கிறோம், ‘நாளைக்குப் பின்னுவாங்க’ என்றும் சொல்கிறோம். பழைய வழக்கத்துக்கும் இனி வரப்போவதற்கும் தமிழில் ஒரே வடிவம். அம்மா செத்துப்போனதை ஒப்புக்கொள்ளாமலே அம்மாவைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இந்த வடிவத்தில் பேசலாம். என் கதையில் மகள் அப்படித்தான் பேசுகிறாள்: காபிக்குச் சர்க்கரை போட மாட்டாங்க, பஸ்ஸில் ஜன்னலோரம் கேட்பாங்க. “டீச்சரா இருந்தாங்க” என்று முன்பு சரளமாகச் சொன்னவள், இதற்குப் பிறகு ஒரு தடவைகூட “இருந்தாங்க” என்று சொல்வதில்லை. அவளுடைய துக்கத்தை நான் வேறெங்கும் விவரிக்கவில்லை.

இனி, கண்ணாடி. பாத்திரத்தின் முகத்தையும் சேலையையும் வர்ணிப்பதற்காகக் கதையில் கண்ணாடி வைப்பது பழக்கமாகிவிட்டது. கண்ணாடியை எடுத்துவிட்டு ஒரு சுவரை வைத்துப் பாருங்கள். கதை அப்படியே நின்றால் அந்தக் கண்ணாடி வீண். என் முதல் வரைவில் அது வீணாகத்தான் இருந்தது. பிறகு ஒரு மச்சம் வைத்தேன். அம்மாவுக்கு இடது கன்னத்தில், மகளுக்கு வலது கன்னத்தில். எதிரே நிற்கும் அம்மாவின் இடது கன்னம் மகளுக்கு வலப்பக்கமாகத் தெரியும். கண்ணாடியில் மகளின் வலது கன்னமும் அவளுக்கு அதே வலப்பக்கம்தான் தெரியும். போட்டோவில் இருவரின் மச்சமும் ஆளுக்கொரு பக்கம். கண்ணாடியில் மட்டும் ஒரே பக்கம். அம்பது வயதை நெருங்கிய மகள் அன்றைக்குத்தான் அதைப் பார்க்கிறாள்.

பார்த்ததும் பேச்சு மாறுகிறது. “அவங்க” போய் “நீ” வந்துவிடுகிறது. “ஏம்மா அவ்வளவு இறுக்கிப் பின்னுன நீ?” “பின்னுவாங்க” அல்ல, “பின்னுன”. அவளை அறியாமலே காலம் முடிந்துவிட்டது.

சபையில் பேசும் இரங்கல் உரை இறந்தவரைப் பற்றி மற்றவர்களிடம் பேசுவது. நம் பெண்களின் ஒப்பாரி இறந்தவரையே முன்னிலையில் வைத்துக் கேட்பது: ஏன் போனாய், என்னை யாரிடம் விட்டாய் என்று. இந்த மகளுக்கு ஒப்பாரி பாடத் தெரியாது, அந்த வீட்டில் அது வழக்கமும் இல்லை. ஆனாலும் உரையைத் தேடிப் போனவளின் வாயில் கடைசியில் ஒப்பாரியின் இலக்கணமே வந்து நிற்கிறது. ராகம் இல்லை, அவ்வளவுதான். இந்த இடத்தில் அவளை அழ வைக்க எனக்குக் கை துறுதுறுத்தது. அழுதிருந்தால் அந்தக் கேள்வி கண்ணீரில் கரைந்து போயிருக்கும்.

அடக்க ஆராதனையில் அவள் பேசுவதாக இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்தேன். நல்ல உரைதான், கூட்டமே அழுதது. ஆனால் அந்தக் கேள்வியை அவள் யாரிடம் கேட்க வேண்டுமோ அவரிடம் கேட்டுவிட்டாள். இரண்டு பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

இப்போது கதை இப்படி முடிகிறது. சித்தி கதவைத் தட்டுகிறாள்: “ஏட்டி, ஐயர் வந்தாச்சு.” மகள் கைகளைப் பின்னால் கொண்டுபோய், அவிழ்ந்து கிடக்கும் தலைமுடியை மூன்றாகப் பிரிக்கிறாள். இறுக்கிப் பின்னுகிறாள். தாழ்ப்பாளைத் திறக்கிறாள்.